செய்முறை வகுப்புகள் நடைபெறவில்லை

ஸ்டெல்லாமேரி எழுதிக் கொடுத்த திட்ட அறிக்கையில் முதல் பக்கத்தை மட்டும் தலைமையாசிரியர் இராமச்சந்திரன் படித்தார். மீதிப் பத்துப் பக்கங்களைக் கட்டைவிரலால் ஒரு விசிறு விசிறிப் பார்த்துவிட்டு மேசைமேல் போட்டார்.

“என்ன டீச்சர் இது, பிளம்பர் கொடுத்த கொட்டேஷன் மாதிரில்லா இருக்கு.”

“ஆய்வகத்துக்கு முதல்ல வேண்டியது தண்ணிதான் சார்.”

“தண்ணிக்கு எவன் டீச்சர் பணம் கொடுப்பான்? பன்னிரண்டு சிங்க், வடிகால் குழாய், கேஸ் லைன், புகைபோக்கி ஃபேன். இதைப் படிச்சா சென்னையில உட்கார்ந்திருக்கவனுக்குத் தூக்கம்லா வரும்.”

இராமச்சந்திரன் வெள்ளூரணி அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடத்தில் அவர் வேதியியல் ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைத்தது ஒரே ஒரு முறை. மாவட்ட அதிகாரி வந்தபோது அவருக்குப் பின்னால் போனார். அதிகாரி மூக்கைப் பொத்தினார், இவரும் பொத்தினார். இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

ஸ்டெல்லாமேரி அப்படி மூக்கைப் பொத்திக்கொண்டு போக முடியாது. கோவில்பட்டியிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து பதினான்கு வருடமாக அந்த அறையில்தான் பாடம் நடத்துகிறாள். அங்கே பன்னிரண்டு கழுவுதொட்டிகள் இருந்தன, ஒன்றிலும் தண்ணீர் வராது, ஊற்றினால் போகவும் போகாது. கரிசல் மண் மழைக்கு ஊதிப் பெருத்து வெயிலுக்குப் பாளம் பாளமாகப் பிளக்கும்போது அடியில் புதைத்த குழாயையும் சேர்த்து முறித்துவிடும். கட்டிடம் கட்டிய கான்ட்ராக்டர் குழாயைச் சுற்றி மணலோ கிராவலோ போடாமல் வெறும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தான். மூன்றாம் வருடமே குழாய் முறிந்தது. அன்றைக்கிருந்து பிள்ளைகள் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, கழுவிய கழிவை வாளியிலேயே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

அந்தத் தண்ணீரும் உப்பு. அந்தப் பக்கம் எங்கே துளை போட்டாலும் உப்புத்தான். பதினோராம் வகுப்பில் பிள்ளைகளிடம் பெயர் சொல்லாமல் ஓர் உப்பைக் கொடுத்து அது என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால், குளோரைடு இருந்தால் வெள்ளையாக வீழ்படிவு வரும். வெள்ளூரணித் தண்ணீரில் கரைத்தால் எதைக் கொடுத்தாலும் வெள்ளையாக வரும். உப்பே போடாவிட்டாலும் வரும். அதனால் ஸ்டெல்லாமேரி கோவில்பட்டியில் ஒரு பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கேனில் வாங்கி, பஸ்ஸில் காலுக்கடியில் வைத்துக் கொண்டுவந்து, மாணவருக்கு இருபது மில்லி என்று அளந்து ஊற்றுவாள். அவளுடைய அறிக்கையில் தண்ணீர் முதலாவதாகவும், வடிநீர்க் கருவி இரண்டாவதாகவும் இருந்தன. கருவியைக் குளிர்விக்க இடைவிடாமல் தண்ணீர் ஓடவேண்டும். குழாய் வராமல் கருவியை வாங்கினால் அது பீரோவில்தான் இருக்கும். அதையும் காரணத்தோடு எழுதியிருந்தாள். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணைத்திருந்தாள். இந்தத் தலைமையாசிரியருக்கு இதெல்லாம் பிளம்பர் சமாச்சாரம்.

பணம் கொடுக்க இருந்தது ஒரு காற்றாலைக் கம்பெனி. சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் அவர்களுடைய காற்றாடிகள் நாற்பது நிற்கின்றன. லாபத்தில் ஒரு பங்கைச் சமூக நலனுக்குச் செலவழிக்கச் சட்டம் சொல்கிறது. அந்த வருடத்துப் பணத்தை மார்ச் முடிவதற்குள் ஒதுக்கியாக வேண்டும் என்று பிப்ரவரி பிறந்ததும் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. டேவிட்சன் என்ற அதிகாரி காரில் வந்து இறங்கினான். முப்பது வயது இருக்கும். மாவட்டத்தில் மூன்று பள்ளிகளிலிருந்து திட்டம் வாங்குவதாகவும், அதில் ஒன்றைத்தான் இயக்குநர் குழு தேர்ந்தெடுக்கும் என்றும் சொன்னான். பிறகு ஸ்டெல்லாமேரியின் பதினொரு பக்கத்தையும் நின்றுகொண்டே புரட்டினான்.

“மேடம், நல்லா ஒர்க் பண்ணியிருக்கீங்க. ஆனா குழாய், சிங்க் எல்லாம் எங்க போர்டுக்கு எடுபடாது.”

“உங்க போர்டுல யாராவது பிப்பெட் பிடிச்சிருக்காங்களா?” என்று அவள் கேட்டாள்.

அவன் சிரித்தான். பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அது அவனுக்குப் படவில்லை. “இன்னோவேஷன் லேப்னு போடுவோம் மேடம். ரெண்டு த்ரீ-டி பிரிண்டர், ரோபோட்டிக்ஸ் கிட், எழுபத்தஞ்சு இன்ச் டச் போர்டு, சுவர் பூரா பெயின்டிங். பதினாலு லட்சம். தண்ணி மேட்டரை அடுத்த கட்டம்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி சேர்த்துக்குவோம்.”

“இங்க மத்தியானம் கரண்டே இருக்காதே.”

“யூ.பி.எஸ். சேர்த்துக்குவோம் மேடம்.”

இராமச்சந்திரன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “இதுதான் சார் விஷன்,” என்றார்.

இருவரும் உட்கார்ந்து இரண்டு நாளில் புது அறிக்கை எழுதினார்கள். டேவிட்சனின் மடிக்கணினியில் ஏற்கெனவே ஒரு மாதிரி அறிக்கை இருந்தது. வேறெந்த ஊருக்கோ எழுதியது. ஊர் பெயரை மாற்றினார்கள். ஓரிடத்தில் ‘மலைவாழ் மாணவர்கள்’ என்று இருந்ததை மாற்ற விட்டுப்போனது. சுற்றிலும் பத்து மைலுக்கு ஒரு குன்றுகூட இல்லாத ஊர்.

‘தற்போதைய நிலை’ என்ற பகுதிதான் சிக்கல். பள்ளி எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண் அந்தப் பகுதிக்கு உண்டு. நூற்றுக்கு முப்பது. முந்தின வருடம் வேதியியலில் பள்ளியின் தேர்ச்சி தொண்ணூற்று நான்கு சதவீதம். டேவிட்சன் முகம் சுளித்தான்.

“இவ்வளவு நல்லா இருந்தா எதுக்கு ஃபண்டுன்னு கேப்பாங்க சார்.”

“அப்ப முப்பத்தெட்டுன்னு போடுங்க,” என்றார் இராமச்சந்திரன். தன் பள்ளிப் பிள்ளைகளை ஒரே வாக்கியத்தில் ஐம்பத்தாறு சதவீதம் கீழே தள்ளிய மனிதர், அதைச் சொல்லிவிட்டு டீ குடித்தார்.

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இப்படி வந்தது: ‘கடந்த மூன்று ஆண்டுகளாக இப்பள்ளியில் அறிவியல் செய்முறை வகுப்புகள் நடைபெறவில்லை. மாணவர்கள் சோதனைக் குழாயைத் தொட்டதில்லை. பெற்றோர் கல்வியறிவற்றவர்கள், அறிவியல் கல்வியின் தேவையை உணராதவர்கள்.’

கடைசிப் பக்கத்தில் தலைமையாசிரியர், பொறுப்பாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் என்று மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஸ்டெல்லாமேரி படித்தாள். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் காது சூடாகியது. பதினான்கு வருடம் கேன் தூக்கியது அவளுக்குத் தெரியும். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தபோது அவளுக்குக் கோபத்தைவிட இளப்பம்தான் அதிகமாக வந்தது. ஒருவருக்கு அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இன்னொருவனுக்கு ஊர் பெயர்கூடச் சரியாக எழுத வராது. வெள்ளூராணி என்று எழுதியிருந்தான். இவர்களிடம் போய் எதை விளக்குவது? இவர்களோடு வாதாடுவதே தனக்குக் கீழான காரியம் என்று நினைத்தாள். எந்தக் குப்பையை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், வருகிற பணத்தில் ஒரு குழாயாவது வந்தால் சரி. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வார்த்தை பேசாமல் எழுந்து வகுப்புக்குப் போனாள். தான் ரொம்பக் கண்ணியமாக நடந்துகொண்டதாக அன்று சாயங்காலம் பஸ் ஏறும்வரை அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது.

மூன்றாவது கையெழுத்து முத்துசெல்வியினுடையது.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோர் ஒருவர்தான் தலைவராக இருக்கவேண்டும் என்பது விதி. முத்துசெல்வி பக்கத்துத் தீப்பெட்டி ஆலையில் பண்டல் போடும் வேலை செய்கிறாள். பத்தாவது வரை இதே பள்ளியில் படித்தவள். மகள் காளீஸ்வரி பன்னிரண்டாம் வகுப்பு. குழுக் கூட்டம் என்றால் இராமச்சந்திரன் தீர்மானப் புத்தகத்தில் எல்லாவற்றையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுவார். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இதுவரை அப்படித்தான் நடந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். இருபத்து நாலு பேரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். உளுந்து பறிப்பு நேரம், அதுவே அதிகம். ஆசிரியர் பிரதிநிதியாக ஸ்டெல்லாமேரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நம்ம பள்ளிக்குப் பதினாலு லட்சம் வரப்போகுது,” என்றார் இராமச்சந்திரன். “எல்லாரும் ஒரு கைதட்டு. ஏம்மா, இங்கன ஒரு கையெழுத்து, புஸ்தகத்துல ஒரு கையெழுத்து.”

முத்துசெல்வி காகிதத்தை வாங்கித் தன் பக்கம் திருப்பினாள். “வாசிச்சுட்டுப் போடுதேன் சார்.”

“இருபத்தாறு பக்கம்மா. வீட்டுல போய் வாசி, காப்பி தாரேன்.”

“கையெழுத்து இப்பத்தானே கேக்குதீங்க? அப்ப இப்பத்தான் வாசிக்கணும்.”

அவள் வாசித்தாள். உதடு லேசாக அசைந்தது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம். இராமச்சந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் அவள் நின்றாள். திரும்ப ஒருமுறை வாசித்தாள். பிறகு குரலை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். செய்முறை வகுப்புகள் நடைபெறவில்லை. சோதனைக் குழாயைத் தொட்டதில்லை. பெற்றோர் கல்வியறிவற்றவர்கள்.

கருத்தப்பாண்டி என்ற பெரியவர், “நம்மளையா சொல்லுதாக?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

“சார், எம்மக போன வாரம் யூனிபார்ம்ல பழுப்புக் கறையோட வந்தா. துவைச்சாப் போகலை. பர்மாங்கனேட்டுன்னா. செய்முறை நடக்கலைன்னா அது எங்கேருந்து வந்துச்சு?” என்றாள் முத்துசெல்வி.

“அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா. கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாத்தான் பணம் வரும்.”

“கஷ்டத்தைக் கூட்டிச் சொல்லுங்க. பிள்ளைக வாளியில தண்ணி சுமக்காகன்னு சொல்லுங்க. அது இதுல ஒரு இடத்துலயும் இல்லையே. நாங்க ஒண்ணும் தெரியாதவங்க, பிள்ளைக குழாயைத் தொட்டதுகூட இல்லன்னுல்லா இருக்கு.” அவள் பக்கங்களைத் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கே இருந்த கையெழுத்துகளைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி ஓரத்தைப் பார்த்தாள்.

“இது நீங்க போட்டதுதானா டீச்சர்?”

“ஆமா,” என்றாள் ஸ்டெல்லாமேரி.

“வாசிச்சுட்டா போட்டீங்க?”

“வாசிச்சுட்டுத்தான்.”

முத்துசெல்வி பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைத் தனியே ஒதுக்கி வைக்கிற பார்வை அது. இராமச்சந்திரனையும் டேவிட்சனையும் தான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது ஸ்டெல்லாமேரிக்கு அந்த நொடியில் புரிந்தது. அவர்களாவது அந்தப் பொய்யினால் ஏதோ கிடைக்கும் என்று நம்பி எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட்டது பேசச் சோம்பல்பட்டு.

“நான் போடமாட்டேன் சார்,” என்று முத்துசெல்வி காகிதத்தை மேசை நடுவில் வைத்தாள்.

இராமச்சந்திரனின் குரல் மாறியது. “இந்தா பாரும்மா. வாரவன் பணத்தோட வாரான். நாளைக்கு இந்த ஊர்ப் பிள்ளைக உன்னைத்தான் ஏசும். உம்மகளும் இங்கனதான் படிக்குதா, ஞாபகம் வச்சுக்கோ. செய்முறைத் தேர்வு இந்த மாசம்தான்.”

“செய்முறை மார்க்கை நான்தான் போடுதேன் சார், வெளியேருந்து வார எக்ஸாமினர் கூட இருந்து,” என்றாள் ஸ்டெல்லாமேரி. எழுந்து நின்றிருந்தாள். “அதை இதுல இழுக்காதீங்க.”

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“அதுல எழுதியிருக்கது பொய். முப்பத்தெட்டு இல்ல, தொண்ணூத்தி நாலு. வகுப்பு ஒருநாள் விடாம நடக்குது. நான் போட்டது தப்பான கையெழுத்து. என் கையெழுத்தை வாபஸ் வாங்குதேன்னு புஸ்தகத்துல எழுதிக்கோங்க.”

“டீச்சர், நீங்க ஒரு அரசு ஊழியர்,” என்றார் இராமச்சந்திரன்.

“அதனாலதான் சார் சொல்லுதேன்.”

அவள் பையைத் திறந்து தன்னுடைய பழைய பதினொரு பக்கத்தை எடுத்து முத்துசெல்வியிடம் நீட்டினாள். “முதல்ல நான் எழுதினது இது.”

முத்துசெல்வி உடனே வாங்கவில்லை. “இதையும் எங்ககிட்ட காட்டலையே டீச்சர். ஒரு மாசமா வச்சிருந்திருக்கீங்க.”

காட்டலாம் என்று ஸ்டெல்லாமேரிக்குத் தோன்றியதே இல்லை. பண்டல் போடுகிறவளுக்கு வடிநீர்க் கருவியைப் பற்றி என்ன தெரியும் என்று, அப்படி வார்த்தையாகக்கூட நினைக்காமலே விட்டிருந்தாள். “காட்டியிருக்கணும்,” என்றாள்.

அன்று கூட்டம் ஐந்தரை மணி வரை நடந்தது. பதினொரு பக்கத்தையும் முத்துசெல்வி வாசித்தாள். கரிசலுக்குக் குழாயைச் சுற்றிக் கிராவல் போடவேண்டும் என்ற இடத்தில் கருத்தப்பாண்டி, “அது வாஸ்தவம். ரெண்டடி ஆழம் பத்தாது, மூணடியாப் போடச் சொல்லுங்க,” என்றார். ஸ்டெல்லாமேரி அதை எழுதிக்கொண்டாள். பழைய அறிக்கையைத்தான் அனுப்புவது என்று தீர்மானம் ஆனது. பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டார்கள். இராமச்சந்திரனும் வேறு வழியில்லாமல் போட்டார். போட்டுவிட்டுப் பேனா மூடியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

பத்து நாள் கழித்து டேவிட்சன் நேரில் பார்க்க வந்தான். கூடவே கேமராக்காரன் ஒருவன். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும், “வெளிச்சம் பத்தலை,” என்றான் கேமராக்காரன்.

ஸ்டெல்லாமேரி பிள்ளைகளைச் செய்துகாட்டச் சொன்னாள். காளீஸ்வரி இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தாள். ஒன்றில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். இரண்டிலும் நைட்ரிக் அமிலம் சில சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட். ஒன்று பால் திரிந்ததுபோல வெள்ளையானது. இன்னொன்று அப்படியே இருந்தது.

“இதுதான் சார் நாங்க கேக்குதது,” என்றாள் காளீஸ்வரி. “ரெண்டுலயும் உப்பே போடலை. இந்தத் தண்ணியில எந்த உப்பைக் கரைச்சாலும் இப்படித்தான் வரும். அது உப்புலேருந்து வந்துச்சா தண்ணியிலேருந்து வந்துச்சான்னு எங்களால சொல்ல முடியாது.”

அதைவிடத் தெளிவாக ஒரு திட்டத்தின் தேவையைச் சொல்ல முடியாது. டேவிட்சன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கேமராக்காரனிடம் காட்டினான். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

“வெள்ளை, போட்டோல தெரியமாட்டேங்குது,” என்றான் டேவிட்சன். “பாப்பா, இதுல ஏதாவது கலர் சேர்க்க முடியுமா? நீலம், பச்சை, அந்த மாதிரி?”

காளீஸ்வரி அவனைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். “சேர்க்கலாம் சார். ஆனா அப்புறம் இது சோதனை இல்ல.”

அவன் அதற்கும் சிரித்தான். பிள்ளைகளை வெள்ளைக் கோட்டுப் போடச் சொன்னான். பள்ளியில் இருந்த நாலு கோட்டுகளை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு பிள்ளைகள் நின்றார்கள். காலிக் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே வியந்து பார்க்கச் சொன்னான். பார்த்தார்கள். ஆறு படம் எடுத்தார்கள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்த பையனை ஓரமாக நிற்கச் சொன்னார்கள், அவன் படத்தில் விழுகிறான் என்று.

மார்ச் இருபதாம் தேதி மின்னஞ்சல் வந்தது. தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தேவை நிறுவப்படவில்லை. புதுமை குறைவு. மொத்த மதிப்பெண் நூற்றுக்கு நாற்பத்தொன்று. குறைந்தபட்சம் அறுபது வேண்டும். தங்கள் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்.

பதினாலு லட்சம் வேறொரு பள்ளிக்குப் போனது. அந்தப் பள்ளியின் அறிக்கையில் செய்முறை வகுப்பே நடப்பதில்லை என்று எழுதியிருந்ததாக இராமச்சந்திரனே சொன்னார். மின்னஞ்சலை அச்செடுத்து ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில் குத்தினார்.

“உண்மையை எழுதினா என்ன மார்க்குன்னு எல்லாரும் பாத்துக்கோங்க,” என்றார்.

ஆசிரியர்கள் பார்த்தார்கள். டச் போர்டில் படம் காட்டிப் பாடத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்த இயற்பியல் ஆசிரியர் ஒரு வாரம் ஸ்டெல்லாமேரியோடு பேசவில்லை. ஊரிலும் பேச்சு நன்றாக இல்லை. கொடுக்க வந்த லட்சுமியை முத்துசெல்வி கையைப் பிடித்து வெளியே தள்ளினாள் என்றார்கள். பிரிண்டர் என்றால் என்ன, அது ஆய்வகத்தில் என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்டதில்லை. பதினாலு லட்சம் என்ற சொல் போதுமானதாக இருந்தது.

ஸ்டெல்லாமேரி ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு முத்துசெல்வி வீட்டுக்குப் போனாள். பதினான்கு வருடத்தில் அந்த ஊருக்குள் ஒரு வீட்டுக்கு அவள் போனது அதுதான் முதல் தடவை. முத்துசெல்வி அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கைவிரல்களில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

“உங்களை ஏசுதாகளாமே,” என்றாள் ஸ்டெல்லாமேரி.

“ஏசட்டும். நாலு நாள் ஏசுவாக. உக்காருங்க டீச்சர்.” துண்டால் முகத்தைத் துடைத்தாள். “அந்தப் பதினோரு பக்கத்தைக் கொண்டாந்திருக்கீங்களா?”

“இருக்கு. அதுதான் தள்ளுபடி ஆயிட்டே.”

“மொத்தமா ஒருத்தன்கிட்ட கேட்டோம், தரலை. தனித்தனியாக் கேட்டா என்ன? தண்ணி லைன் மட்டும் எவ்வளவு வரும்?”

“டேங்குலேருந்து குழாய் இழுத்து, வடிகாலும் சேர்த்து, ஒண்ணே கால் லட்சம் வரும்.”

“தாமிரபரணித் தண்ணி வார மேல்நிலைத் தொட்டி பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுலேருந்து நூறு அடிதான் இருக்கு. ஊராட்சிதானே அதுக்குப் பொறுப்பு? மே ஒண்ணாம் தேதி கிராமசபை. அங்கன வச்சுக் கேப்போம்.” துண்டைக் கொடியில் போட்டபடி, “நீங்க வந்து பேசணும். நான் பேசினா, திரும்ப இவளான்னு சொல்லுவாக,” என்றாள்.

ஸ்டெல்லாமேரிக்கு அது லீவு நாள். கோவில்பட்டியிலிருந்து வெயிலில் வந்தாள். கிராமசபை இ-சேவை மையத்தின் முன்னால் பந்தல் போட்டு நடந்தது. அறுபது, எழுபது பேர். பாதிப் பேருக்கு அவள் மேல் வருத்தம் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஊராட்சிச் செயலர் அழகிரிசாமி அவளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். அவள் வேதியியல் எதையும் பேசவில்லை.

“உங்க பிள்ளைக ஒரு வாரத்துல எத்தனை வாளி சுமக்குதுன்னு நான் எழுதி வச்சிருக்கேன்,” என்றாள். “நூத்திப் பத்து. கிணத்துத் தண்ணி பாதி, ஆசிட் கலந்த கழிவுத் தண்ணி பாதி. அதை அவங்க கையிலதான் தூக்கிட்டுப் போறாங்க. இதை நான் முன்னாடியே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்.”

ஆசிட் என்றதும் ஒரு பெண் எழுந்து, “எம்பயலும் தூக்குதானா?” என்று கேட்டாள். அதன் பிறகு சத்தம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. தீர்மானம் நிறைவேறியது. ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளர் வந்து அளந்து போனார். அவரும் இரண்டடி ஆழம் என்றுதான் எழுதினார். கருத்தப்பாண்டி கூடவே நின்று மூணடி என்று மாற்ற வைத்தார்.

ஜூலையில் பள்ளம் வெட்டினார்கள். மழை இல்லாமல் மண் இரும்பாக இறுகியிருந்தது. கடப்பாரை போட்டால் பாளமாகப் பெயர்ந்து வந்தது. பன்னிரண்டு தொட்டிக்குப் பணம் போதவில்லை, ஆறு தொட்டிக்குத்தான் இணைப்பு வந்தது. கேஸ் லைன் வரவில்லை, புகைபோக்கி விசிறியும் வரவில்லை. மாவட்டத் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் இராமச்சந்திரன் எழுந்து, ஊராட்சியின் ஒத்துழைப்போடு தான் ஆய்வகத்துக்குக் குடிநீர் இணைப்புப் பெற்றதாகச் சொன்னாராம். கைதட்டினார்களாம். அதைக் கேள்விப்பட்டபோது ஸ்டெல்லாமேரிக்குப் பழையபடி உதட்டோரம் ஓர் இளப்பம் வந்தது. ஆனால் இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை. கிராமசபைத் தீர்மான நகலை ஒரு கடிதத்தோடு முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதில் வரவில்லை. ஒப்புகை அட்டை வந்தது. அதைக் கோப்பில் வைத்தாள்.

காளீஸ்வரி அதற்குள் பள்ளியை முடித்துத் தூத்துக்குடியில் கல்லூரிக்குப் போய்விட்டாள். ஓடுகிற தண்ணீரில் அவள் ஒரு குடுவைகூடக் கழுவியதில்லை. மகள் வெளியே போய்விட்டதால் முத்துசெல்வியின் தலைவர் பதவிக்கும் முடிவு வந்தது. ஆகஸ்டு கூட்டம்தான் அவளுக்குக் கடைசி.

அந்தக் கூட்டத்துக்கு ஸ்டெல்லாமேரி வடிநீர்க் கருவிக்கு மட்டும் தனியாக ஒரு திட்டம் எழுதிக் கொண்டுவந்தாள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தருபவர்கள் பார்க்கிற இணையதளத்தில் ஏற்றுவதற்கு. நாலு பக்கம். குழு உறுப்பினர்கள் பதினேழு பேர் வந்திருந்தார்கள். இராமச்சந்திரன் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார், பக்கம் காலியாக இருந்தது.

ஸ்டெல்லாமேரி எழுந்து நின்று வரி வரியாக வாசித்தாள். முதல் பக்கம் முடிவதற்கே இருபது நிமிடம் ஆனது. எதற்குக் கேன் தண்ணீர், ஒரு மணி நேரத்தில் கருவி எவ்வளவு தரும், கரண்டு நின்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.

“‘நீர் மாசுக் குறுக்கீட்டினால் பகுப்பாய்வு முடிவுகள் நம்பகத்தன்மை இழக்கின்றன’,” என்று வாசித்தாள்.

“நில்லுங்க டீச்சர்,” என்றாள் முத்துசெல்வி. “இது எனக்குப் புரியலை.”

“தண்ணியில உப்பு இருக்கதால, பிள்ளைக சரியாச் செஞ்சாலும் விடை தப்பா வருது.”

“அதையே எழுதுங்க.”

ஸ்டெல்லாமேரி அந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுதினாள். எழுதி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு முத்துசெல்வி, “ம், அடுத்தது,” என்றாள்.